வர்த்தகம் நின்றுபோன பங்கில் உங்கள் ஆப்ஷன் மாட்டிக்கொண்டால்

2023 மார்ச் 8, புதன்கிழமை. சிலிக்கான் வேலி வங்கியின் தாய் நிறுவனமான எஸ்.வி.பி. ஃபைனான்ஷியல் குரூப்பின் பங்கு நாஸ்டாக்கில் 267.83 டாலரில் முடிந்தது. மறுநாள் அது 106.04 டாலர். வெள்ளிக்கிழமை காலை, சந்தை திறப்பதற்கு முன்பே பங்கின் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. அன்றே வங்கியைக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மூடினார்கள். அதன்பிறகு அந்தப் பங்கு நாஸ்டாக்கில் ஒரு முறைகூட கைமாறவில்லை. மார்ச் 28-ம் தேதி, பட்டியலிடப்படாத பங்குகள் கைமாறும் வெளிச்சந்தையில் மறுபடி விலை தெரிந்தபோது, அது ஒரு டாலருக்கும் கீழே இருந்தது.

விலை விழும் என்று கணித்து அந்தப் பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமையான புட் ஆப்ஷனை வாங்கி வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பங்கு நின்றால் அதன் ஆப்ஷன்களும் நிற்கும். திரையில் வாங்கும் விலையும் இல்லை, விற்கும் விலையும் இல்லை. கடைசியாக நடந்த விலை மட்டும் அசையாமல் கிடக்கும். விற்பதற்கான ஆர்டர் போட்டால் திரும்பி வந்துவிடும். மார்ச் 17 அந்த மாதத்து ஆப்ஷன்களின் எக்ஸ்பைரி, அதாவது அவை காலாவதியாகும் நாள். கையில் இருந்த லாபத்தை எடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. ஆனால் விற்க வழி இல்லை.

புதிதாக ஆப்ஷன் பழகுகிறவர்கள் மனத்தில் பதிக்க வேண்டியது இதுதான்: வர்த்தகம் நின்றால் உங்கள் ஆப்ஷனை விற்பதும் வாங்குவதும் மட்டும்தான் நிற்கிறது. எக்ஸ்பைரி தேதி நகராது. உங்களுக்கு உள்ள உரிமையும், நீங்கள் விற்றிருந்தால் உங்கள் தலைமேல் உள்ள கடமையும் அப்படியே இருக்கும். தரகர் ஈடாகக் கேட்கும் மார்ஜின் தொகையின் கணக்கும் நாள்தோறும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த நிலையில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, அமெரிக்கச் சந்தை விதிகளை வைத்து, மேலே சொன்ன பங்கையே உதாரணமாகக் கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், எந்த வகை நிறுத்தம் என்று பாருங்கள்

எல்லா நிறுத்தமும் ஒன்றல்ல. ஐந்து நிமிடத்தில் முடிகிற நிறுத்தத்துக்கும், எப்போது திறக்கும் என்றே தெரியாத நிறுத்தத்துக்கும் செய்ய வேண்டிய காரியங்கள் முற்றிலும் வேறு. நாஸ்டாக் தன் இணையதளத்தில் நிறுத்தப்பட்ட பங்குகளின் பட்டியலை உடனுக்குடன் வெளியிடுகிறது. ஒவ்வொரு பங்கின் எதிரிலும் ஒரு குறியீடு இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

`LUDP` என்று இருந்தால், விலை மிக வேகமாக ஏறியதாலோ இறங்கியதாலோ அந்த ஒரு பங்குக்கு மட்டும் விழுந்த தற்காலிகத் தடை. பொதுவாக ஐந்து நிமிடம்; தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள். `MWC1` என்றால் மொத்தச் சந்தைக்கும் விழுந்த சர்க்யூட் பிரேக்கர். எஸ் அண்ட் பி 500 குறியீடு முந்தைய நாள் முடிவிலிருந்து 7 சதவீதம் விழுந்தால் 15 நிமிடம் எல்லாம் நிற்கும். 13 சதவீதம் விழுந்தால் `MWC2`, இன்னொரு 15 நிமிடம். பிற்பகல் 3.25-க்குப் பிறகு இந்த இரண்டு அளவும் சந்தையை நிறுத்தாது. 20 சதவீதம் விழுந்தால் எந்த நேரமானாலும் அன்றைய வர்த்தகம் அத்தோடு முடிந்தது. 2020 மார்ச்சில் 9, 12, 16, 18 ஆகிய நான்கு நாட்களில் முதல் நிலைத் தடை விழுந்தது. நான்கு முறையும் 15 நிமிடத்தில் சந்தை திறந்துவிட்டது.

இவை குறுகிய நிறுத்தங்கள். இவற்றில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் செய்தே ஆக வேண்டும். ஏற்கெனவே போட்டுவைத்த மார்க்கெட் ஆர்டர்களையும் ஸ்டாப் ஆர்டர்களையும் எடுத்துவிடுங்கள். சந்தை மறுபடி திறக்கும் முதல் சில நிமிடங்களில் ஆப்ஷன்களின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். 4 டாலர் பெறும் ஆப்ஷனுக்கு ஒருபக்கம் 2, மறுபக்கம் 7 என்று தெரியும். அந்த நேரத்தில் ஒரு ஸ்டாப் ஆர்டர் தூண்டப்பட்டால் உங்கள் ஆப்ஷன் 2-க்குப் போய்விடும். விலையை நீங்களே குறித்து லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள்.

நீண்டு போகக்கூடிய நிறுத்தங்களுக்கு வேறு குறியீடுகள். `T1` என்றால் நிறுவனத்திடமிருந்து முக்கியச் செய்தி வரவிருக்கிறது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடியும், ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை. `T12` என்றால் பங்குச் சந்தை நிறுவனத்திடம் கூடுதல் தகவல் கேட்டிருக்கிறது. பதில் வந்து திருப்தியாகும்வரை திறக்காது. `H10` என்றால் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமே வர்த்தகத்தை நிறுத்தி வைத்திருக்கிறது; அது ஒரு முறைக்கு அதிகபட்சம் பத்து வர்த்தக நாள். `T12` அல்லது `H10` கண்ணில் பட்டால், அல்லது `T1` ஒரு நாளைத் தாண்டி நீண்டால், அந்தப் பங்கு உங்கள் எக்ஸ்பைரிக்குள் திறக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். முன்னதாகத் திறந்துவிட்டால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, விற்க முடியாத ஆப்ஷனை என்ன செய்ய முடியும்?

சாதாரண நாட்களில் பெரும்பாலானோர் ஆப்ஷனை விற்றுத்தான் வெளியே வருவார்கள். அதனாலேயே ஆப்ஷன் என்பது ஒரு ஒப்பந்தம் என்பதே மறந்துபோகிறது. 100 டாலர் ஸ்ட்ரைக் உள்ள ஒரு புட், அந்தப் பங்கில் 100 எண்ணிக்கையை ஒவ்வொன்றும் 100 டாலருக்கு விற்கும் உரிமை. அதை வேறொருவருக்கு விற்க முடியாத நிலையிலும், அந்த உரிமையைப் பயன்படுத்த முடியும். அதற்குப் பெயர் எக்சர்சைஸ். அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை எக்ஸ்பைரிக்கு முன்பு எந்த நாளிலும் எக்சர்சைஸ் செய்யலாம். பங்கின் வர்த்தகம் நின்றிருக்கும்போதும் பொதுவாகச் செய்யலாம். இந்தியச் சந்தைகளில் உள்ளதுபோன்ற ஐரோப்பிய வகை ஆப்ஷன்கள் என்றால் எக்ஸ்பைரி நாளில் மட்டும்தான் அது நடக்கும். உங்கள் ஆப்ஷன் எந்த வகை என்பதை வாங்கும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆக, நின்றுபோன பங்கில் ஆப்ஷனை வாங்கி வைத்திருப்பவருக்கு இருப்பது ஒரே ஒரு கதவு. அதன் வழியாக வெளியே வந்தால் கையில் பணம் வராது. பங்கு வரும், அல்லது பங்கைக் கொடுக்க வேண்டிய கடன் வரும். அதனால்தான் அடுத்து வரும் படிகள் எல்லாம்.

மூன்றாவது, தானாக நடப்பதை நம்பாதீர்கள்

என் பார்வையில் புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். "லாபத்தில் இருந்தால் எக்ஸ்பைரி அன்று தானாகவே எக்சர்சைஸ் ஆகிவிடும்" என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். அமெரிக்க ஆப்ஷன்கள் அனைத்துக்கும் நடுவில் நின்று கணக்கு முடிக்கும் ஓ.சி.சி. என்ற கிளியரிங் அமைப்பு, ஒரு சென்ட்டாவது லாபத்தில் உள்ள ஆப்ஷனைத் தானாக எக்சர்சைஸ் ஆக விடும். ஆனால் லாபம் என்பதை அது எதை வைத்து முடிவு செய்கிறது? பங்கின் முடிவு விலையை வைத்து. வர்த்தகமே நடக்காத பங்குக்கு முடிவு விலை ஏது?

இந்த நிலையில் இரண்டு விதமாக நடக்கலாம். கடைசியாக நடந்த விலையையே முடிவு விலையாக வைத்துக்கொள்ளலாம். அல்லது, இந்தப் பங்குக்கு முடிவு விலை எதையும் நிர்ணயிப்பதில்லை, எக்சர்சைஸ் வேண்டுவோர் நேரடியாகச் சொல்ல வேண்டும் என்று ஓ.சி.சி. முடிவு செய்யலாம். எது நடந்தாலும் நீங்கள் மாட்டிக்கொள்ள இடம் இருக்கிறது.

கடைசி விலையான 106.04-ஐ வைத்துப் பாருங்கள். உங்களிடம் 100 ஸ்ட்ரைக் புட் இருக்கிறது. பங்கு 106-ல் இருக்கும்போது 100-க்கு விற்கும் உரிமைக்கு மதிப்பு இல்லை என்றுதான் கணினி சொல்லும். நீங்கள் சும்மா இருந்தால், உண்மையில் பத்தாயிரம் டாலருக்குக் கிட்டத்தட்ட மதிப்புள்ள அந்த புட், வெள்ளிக்கிழமை மாலை பூஜ்ஜியமாகிப் போகும்.

பங்கை வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனை வைத்திருப்பவர் நிலை இதைவிட மோசம். 100 ஸ்ட்ரைக் கால், கடைசி விலைப்படி 6.04 டாலர் லாபத்தில் இருக்கிறது. அவர் சும்மா இருந்தால் அது தானாக எக்சர்சைஸ் ஆகி, ஒன்றுக்கும் உதவாத 100 பங்குகள் 10,000 டாலருக்கு அவர் கணக்கில் வந்து விழலாம். ஆப்ஷனுக்குக் கொடுத்த விலையான பிரீமியத்தோடு நஷ்டம் முடிந்தது என்று நினைத்திருந்தவர் அவர். செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலைதான்: எக்சர்சைஸ் செய்ய வேண்டாம் என்று தரகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது.

எனவே நின்றுபோன பங்கில் ஆப்ஷன் வாங்கி வைத்திருந்தால், புட் ஆனாலும் கால் ஆனாலும், வேண்டும் அல்லது வேண்டாம் என்ற உத்தரவை நீங்களே எழுத்தில் கொடுங்கள். எக்ஸ்பைரி அன்று நியூயார்க் நேரம் மாலை 5.30 வரை ஆப்ஷன் வைத்திருப்பவர் முடிவெடுக்கலாம் என்பது சந்தை விதி. ஆனால் பல தரகர்கள் தங்கள் வசதிக்கு அதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். உங்கள் தரகரின் நேரம் எது என்பதுதான் உங்களுக்குக் கணக்கு.

நான்காவது, எக்சர்சைஸுக்குப் பணம் இருக்கிறதா?

பங்கு கையில் இல்லாமல் ஒரு புட்டை எக்சர்சைஸ் செய்தால் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரணமாக 100 பங்கைச் சந்தையில் வாங்கி, புட் மூலம் கொடுத்துவிட்டு, வித்தியாசத்தை எடுத்துக்கொள்வோம். பங்கு நின்றிருக்கும்போது வாங்க வழியில்லை. எனவே உங்கள் கணக்கில் 100 பங்கு ஷார்ட்டாக உட்காரும். அதாவது, இல்லாத பங்கை 100 டாலருக்கு விற்றதாகக் கணக்கு. 10,000 டாலர் வரவு வரும். ஆனால் அதைத் தொட முடியாது.

இதற்கு முதலில் உங்களிடம் மார்ஜின் கணக்கு இருக்க வேண்டும், அதில் ஷார்ட் செய்ய அனுமதியும் இருக்க வேண்டும். வெறும் பணக் கணக்கிலும் ஓய்வூதியக் கணக்கிலும் பங்கை ஷார்ட்டாக வைக்க முடியாது. புட் வாங்க அனுமதி இருந்ததாலேயே அதை எக்சர்சைஸ் செய்யவும் முடியும் என்று நினைத்தவர்கள் பலர். அப்படி இல்லை.

அடுத்தது மார்ஜின். ஷார்ட் பங்கை எந்த விலையில் மதிப்பிடுவார்கள்? திரையில் இருப்பது 106.04 மட்டும்தான். அதன்படி உங்கள் கடன் 10,604 டாலர். கையில் வந்தது 10,000. ஆக, நிஜத்தில் பெரிய லாபத்தில் இருக்கும் நீங்கள் திரையில் 604 டாலர் நஷ்டத்தில் தெரிவீர்கள். இதற்கு மேல், ஷார்ட்டின் மதிப்பில் பாதியை, அதாவது 5,302 டாலரை, ஆரம்ப மார்ஜினாக வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் அடிப்படை விதி. இரண்டையும் கூட்டினால் 5,906 டாலர். புட்டுக்கு நீங்கள் கொடுத்த பிரீமியம் 500 டாலராக இருந்திருக்கலாம். அந்த 500-ஐ உருப்படியாக மீட்க, மேலும் ஆறாயிரம் டாலரைக் காட்ட வேண்டும். நின்றுபோன பங்கு என்பதால் தரகர் தன் சொந்த விதிப்படி இதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

பங்கு நின்றிருக்கும் நாட்களிலும் ஷார்ட்டுக்காகக் கடன் வாங்கிய பங்குக்கான கட்டணம் ஓடும். பங்கைக் கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்டாலும் கேட்கலாம். இந்தச் செலவை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாது. தரகரிடம் அன்றைய ஆண்டு வட்டி விகிதத்தைக் கேட்டு, ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். இங்கே பங்கின் மதிப்பு பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது என்பதில் உங்களுக்கு எவ்வளவு உறுதி என்பதுதான் முக்கியம். வங்கியைக் கட்டுப்பாட்டாளர்கள் மூடிவிட்டார்கள், தாய் நிறுவனம் அதே மார்ச் 17 அன்று திவால் பாதுகாப்புக்கு மனுச் செய்தது. அப்படிப்பட்ட நிலையில் கணக்கு தெளிவு. ஆனால் ஒரு நல்ல செய்திக்காக `T1`-ல் நின்ற பங்கு, திறக்கும்போது மேலே பாய்ந்தால், எக்சர்சைஸ் செய்து ஷார்ட்டில் உட்கார்ந்திருப்பவரின் நஷ்டத்துக்கு எல்லை இல்லை. புட்டை வாங்கும்போது அவர் ஏற்றுக்கொண்ட ஆபத்து பிரீமியத்தோடு முடிவது. எக்சர்சைஸ் செய்த மறுநிமிடம் அது வேறு வகை ஆபத்தாக மாறிவிடுகிறது.

எக்ஸ்பைரி இன்னும் இரண்டு மூன்று மாதம் தள்ளி இருந்தால், என் கருத்தில், அவசரப்பட்டு எக்சர்சைஸ் செய்யாதீர்கள். காத்திருப்பதற்கு மார்ஜின் தேவையில்லை. ஆப்ஷன் உங்கள் கையிலேயே இருக்கும். பங்கு வெளிச்சந்தைக்கு வந்தபிறகு மலிவாக வாங்கி, அதை வைத்தே எக்சர்சைஸ் செய்யலாம். ஷார்ட் ஆக வேண்டிய அவசியமே இருக்காது. இங்கே சொன்ன நெருக்கடி எல்லாம், நிறுத்தம் முடிவதற்குள் எக்ஸ்பைரி வந்துவிடும் ஆப்ஷன்களுக்கானது.

ஐந்தாவது, தரகருக்குப் போன் செய்யுங்கள்

செயலியில் எக்சர்சைஸ் பொத்தான் இருந்தாலும், நின்றுபோன பங்குக்கு அது வேலை செய்யாமல் போகலாம். ஆப்ஷன் பிரிவை நேரடியாகக் கூப்பிடுங்கள். எக்ஸ்பைரி அன்று கூப்பிட வேண்டாம். அன்று எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். இரண்டு மூன்று நாள் முன்பே பேசிவிடுங்கள்.

பேச்சு இப்படிப் போனால் போதும்:

"சார், என் கணக்கில் இந்தப் பங்கின் 100 ஸ்ட்ரைக் புட் ஒன்று இருக்கிறது, மார்ச் 17 எக்ஸ்பைரி. பங்கு நின்றிருக்கிறது. இதை எக்சர்சைஸ் செய்யும் உத்தரவை உங்களால் எடுத்துக்கொள்ள முடியுமா?"

"உங்க கணக்குல பங்கு இல்லையேங்க."

"தெரியும் சார். ஷார்ட்டாக வைக்க அனுமதி இருக்கிறதா, எவ்வளவு பணம் போட வேண்டும், எத்தனை மணிக்குள் உத்தரவு வர வேண்டும், இந்த மூன்றையும் மெயிலில் அனுப்ப முடியுமா? கடைசி விலைப்படி இது லாபத்தில் இல்லை என்று தெரியும். அப்படியிருந்தும் எக்சர்சைஸ் வேண்டும் என்பதுதான் என் உத்தரவு."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். லாபத்தில் இல்லாததுபோல் தெரியும் புட்டுக்கு எக்சர்சைஸ் உத்தரவு வந்தால், அது தவறுதலாக வந்தது என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடும் வாய்ப்பு உண்டு. உங்களுக்குத் தெரிந்தே கேட்கிறீர்கள் என்பது பதிவாக வேண்டும். பேசியவரின் பெயர், நேரம், உத்தரவின் குறிப்பு எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

ஸ்ப்ரெட் வைத்திருந்தால்

இதைத்தான் இந்தக் கட்டுரையிலேயே மிகக் கவனமாகப் படிக்கச் சொல்வேன். ஒரு ஆப்ஷனை வாங்கி, அதே பங்கில் இன்னொன்றை விற்று ஸ்ப்ரெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் "என் அதிகபட்ச நஷ்டம் இவ்வளவுதான்" என்ற நிம்மதியில் தூங்குகிறவர்கள். வர்த்தகம் நின்ற பங்கில் அந்த நிம்மதி தானாகக் கிடைப்பதில்லை.

ஒருவர் 100 ஸ்ட்ரைக் புட்டை 6 டாலருக்கு வாங்கி, 90 ஸ்ட்ரைக் புட்டை 3 டாலருக்கு விற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிகரச் செலவு 3 டாலர், அதாவது ஒரு ஸ்ப்ரெட்டுக்கு 300 டாலர். அதிகபட்ச நஷ்டம் 300, அதிகபட்ச லாபம் 700 என்றுதான் திரை காட்டும். பங்கு நின்றது. கடைசி விலை 106.04. இரண்டு புட்டுமே லாபத்தில் இல்லாதவைபோல் தெரிகின்றன.

இப்போது அந்த 90 புட்டை இவரிடமிருந்து வாங்கியவர்களின் பக்கம் போய்ப் பாருங்கள். வங்கி மூடப்பட்டது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் எக்சர்சைஸ் உத்தரவு கொடுப்பார்கள். யாருடைய எக்சர்சைஸ் எந்த விற்பனையாளர் தலையில் விழும் என்பது குலுக்கலைப்போல ஒதுக்கப்படும், இதுதான் அசைன்மென்ட். அந்தச் செய்தி இவருக்கு எப்போது வரும்? உத்தரவு கொடுக்கும் கடைசி நேரம் தாண்டிய பிறகு, வார இறுதியில் அல்லது திங்கட்கிழமை காலையில். தன் 100 புட்டை எக்சர்சைஸ் செய்வதா வேண்டாமா என்பதை, 90 புட் தன் தலையில் விழுமா என்று தெரியாமலேயே இவர் முடிவு செய்ய வேண்டும்.

இவர் எக்சர்சைஸ் செய்து, 90 புட்டும் அசைன் ஆனால், 90-க்கு வரும் பங்கை 100-க்குக் கொடுத்துவிடுவார். 1,000 டாலர் வந்து, செலவான 300 போக, 700 லாபம். திட்டமிட்டபடியே.

இவர் எக்சர்சைஸ் செய்து, 90 அசைன் ஆகாவிட்டால், 100 பங்கு ஷார்ட்டாக நிற்கும். முன்பு சொன்ன மார்ஜினும் காத்திருப்பும் உண்டு; ஆனால் பங்கு ஒன்றுமில்லாமல் போனால் லாபம் திட்டமிட்டதைவிடப் பல மடங்கு.

இவர் சும்மா இருந்து, 90 மட்டும் அசைன் ஆனால், 9,000 டாலர் கொடுத்து 100 பங்கு வாங்கியாக வேண்டும். அந்தப் பங்கை விற்கவும் முடியாது, திறந்தால் மதிப்பும் இருக்காது. 300 டாலர்தான் போகும் என்று நினைத்தவருக்கு 9,300 டாலர் வரை நஷ்டம். 100 புட் அவரைக் காப்பாற்றியிருக்கும், ஆனால் அது வெள்ளிக்கிழமை மாலையே காலாவதியாகிவிட்டது.

இரண்டும் நடக்காவிட்டால் 300 டாலர் நஷ்டத்தோடு முடியும். நிறுவனம் விழுந்தது ஊருக்கே தெரிந்த நிலையில், இப்படி நடப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பங்கின் மதிப்பு போய்விட்டது என்பது உறுதியான நிலையில், வாங்கிய புட்டை எக்சர்சைஸ் செய்வதுதான் சரி என்பது தெரியும். அதற்கு மார்ஜின் இல்லையே என்றால், இரண்டாவது நிலைக்கு எவ்வளவு தேவை என்பதை வாரத்தின் தொடக்கத்திலேயே தரகரிடம் கேட்டு, பணத்தைக் கொண்டுவர முயலுங்கள். சிறிய கணக்கில் பத்து ஸ்ப்ரெட் வைத்திருப்பவருக்கு இது 59,000 டாலர் அளவுக்குப் போகும். 3,000 டாலர் போட்டு வாங்கிய ஸ்ப்ரெட் அது. எத்தனை ஸ்ப்ரெட் போடலாம் என்று முடிவு செய்யும்போதே, இரண்டு ஆப்ஷன்களில் ஒன்று மட்டும் எக்சர்சைஸ் ஆனால் அதைத் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

விற்றவர் என்ன செய்யலாம்?

புட்டை மட்டும் தனியாக விற்றவர் கையில் எந்த முடிவும் இல்லை. எக்சர்சைஸ் உரிமை எதிராளியுடையது. அவர் செய்யக்கூடியது இரண்டு. ஸ்ட்ரைக்கை 100-ஆல் பெருக்கி, அந்த முழுத் தொகையையும் கணக்கில் ரொக்கமாக வைத்திருப்பது ஒன்று. இல்லையென்றால் தரகர் அவருடைய மற்றப் பங்குகளை, கிடைத்த விலைக்கு விற்றுவிடுவார். நின்றுபோன பங்கை விற்க முடியாது என்பதால், விற்கக்கூடியது எதுவோ அதில்தான் கை வைப்பார்கள். இரண்டாவது, கடைசி விலையைப் பார்த்து "நம் ஸ்ட்ரைக் கீழேதான் இருக்கிறது, தப்பித்தோம்" என்று அந்தப் பணத்தை வேறு வேலைக்கு எடுக்காமல் இருப்பது. எக்ஸ்பைரி முடிந்து திங்கட்கிழமை அறிக்கை வரும்வரை அவர் தப்பித்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எக்ஸ்பைரிக்கு முன்பே, எந்த இரவிலும் அசைன்மென்ட் வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே துறையைச் சேர்ந்த வேறு பங்குகளையோ, குறியீட்டையோ ஷார்ட் செய்து நஷ்டத்தை ஈடுகட்டலாம் என்று சிலர் யோசிப்பார்கள். ஒரு பங்கு 106-லிருந்து பூஜ்ஜியத்துக்குப் போகும் இழப்பை, 10 சதவீதம் விழும் குறியீடு ஈடுகட்டாது. அதுவே மேலே திரும்பினால் இரண்டு நஷ்டம். புதியவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

எக்ஸ்பைரிக்கு அடுத்த வர்த்தக நாள்

திங்கட்கிழமை காலையில் கணக்கைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: உங்கள் எக்சர்சைஸ் உத்தரவு நிறைவேறியதா, விற்ற புட் அசைன் ஆனதா, இப்போது உங்கள் பெயரில் எத்தனை பங்கு, எந்தப் பக்கம் இருக்கிறது. உத்தரவு கொடுத்தும் புட் காலாவதி என்று காட்டினால், குறிப்பு எண்ணோடு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு கடினம்.

ஷார்ட்டாக நிற்பவர் அதன்பிறகு பங்கு வெளிச்சந்தையில் திறக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். பங்கின் குறியீட்டுப் பெயர் மாறியிருக்கும். திவாலான நிறுவனம் என்றால் கடைசியில் பெரும்பாலும் `Q` என்ற எழுத்து சேரும். எஸ்.வி.பி. பங்கு `SIVB` என்பதிலிருந்து `SIVBQ` ஆனது. பழைய பெயரில் ஆர்டர் போட்டால் போகாது. எல்லாத் தரகர்களும் வெளிச்சந்தைப் பங்குகளில் ஆன்லைன் ஆர்டரை ஏற்பதில்லை என்பதால், போனில்தான் போட முடியுமா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். முதல் நாளில் விலை தாறுமாறாக இருக்கும். லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். 100 ஸ்ட்ரைக் புட்டை எக்சர்சைஸ் செய்தவர், அந்த 100 பங்கை ஒரு டாலருக்கு லிமிட் வைத்து வாங்கி மூடியிருந்தால், செலவு 100 டாலர். முன்பு வரவு வைத்த 10,000-ல் அது போக 9,900. அதிலிருந்து பிரீமியம் 500-ஐயும், மார்ச் 17 முதல் 28 வரை ஓடிய கடன் கட்டணத்தையும் கழித்தால், அவருக்குச் சேர வேண்டிய பணம் கைக்கு வந்துவிட்டது.